ஃபங்ஷனைக் குடுத்தா சிமாஸ் சர்க்யூட் வரையறது எப்படி: மூணு இன்புட் நேண்ட்ல ஆரம்பிச்சு ஏஓஐ வரைக்கும்

"இந்த ஃபங்ஷனுக்கு டிரான்சிஸ்டர் லெவல்ல சிமாஸ் சர்க்யூட் வரை"ன்னு கேள்வி வந்தா நம்மள்ல முக்காவாசி பேர் என்ன பண்ணுவோம்னா, மனப்பாடம் பண்ணி வச்சிருக்கற ரெண்டு இன்புட் நேண்ட் படத்தை ஞாபகத்துல இருந்து எடுத்து, அதுல இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு டிரான்சிஸ்டரை ஒட்ட வச்சு ஏதோ ஒரு படத்தை வரைஞ்சுட்டு வந்துடுவோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஓட்டினேன். மூணு இன்புட் நேண்ட் வரைக்கும் அது ஓடும், ஆனா `Y = (A·B + C)'` மாதிரி ஒண்ணு வந்துச்சுன்னா மேல பக்கம் எதை சீரிஸ்ல போடறது எதை பேரலல்ல போடறதுன்னு அப்படியே முழி பிதுங்கும். இதுக்கு மனப்பாடமே வேண்டாம், கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: Y எப்பெல்லாம் 0 ஆகணும்? அதுக்குப் பதில் தெரிஞ்சா கீழ் பாதி வந்துடும், கீழ் பாதி வந்தா அதைத் திருப்பிப் போட்டா மேல் பாதி வந்துடும். அதைத்தான் இங்க ஒவ்வொரு படியா பார்க்கப் போறோம்.

முதல்ல ஒரு சின்ன எச்சரிக்கை, கேட்ங்கற வார்த்தை இங்க ரெண்டு அர்த்தத்துல வரும். நேண்ட் கேட்னு சொல்றப்ப முழு சர்க்யூட், டிரான்சிஸ்டரோட கேட்னு சொல்றப்ப அந்த ஒரு கால் மட்டும். குழப்பம் வராம இருக்க நான் டிரான்சிஸ்டர் காலை "கேட் கால்"னே எழுதறேன், இன்வெர்ட்டைக் காட்ட மேல போடற பாரை `'`-ன்னு எழுதறேன்.

டிரான்சிஸ்டரை சுவிட்சா மட்டும் பாருங்க

படம் வரையறதுக்கு டிரான்சிஸ்டர் பத்தி ரொம்ப தெரியணும்னு இல்ல. என்மாஸ்னா கேட் கால்ல 1 குடுத்தா ஆன் ஆகற சுவிட்ச், பிமாஸ்னா 0 குடுத்தா ஆன் ஆகற சுவிட்ச். பிமாஸ் சிம்பல்ல கேட் கால் பக்கத்துல ஒரு குட்டி வட்டம் போடறோமே, அது இந்த 0-வுக்கு ஆன்ங்கறதை ஞாபகப்படுத்தத்தான். ரெண்டு சுவிட்ச் சீரிஸ்ல இருந்தா ரெண்டும் ஆன் ஆனாத்தான் கரண்ட் போகும், அதாவது ஆண்ட். பேரலல்ல இருந்தா ஏதாவது ஒண்ணு ஆன் ஆனா போதும், அதாவது ஆர். இவ்வளவுதான் அடிப்படை.

சிமாஸ்ல பிமாஸ் கூட்டம் எப்பவுமே மேல, VDD-க்கும் Y-க்கும் நடுவுல இருக்கும். என்மாஸ் கூட்டம் எப்பவுமே கீழ, Y-க்கும் GND-க்கும் நடுவுல இருக்கும். மேல இருக்கறது ஆன் ஆனா Y-யை இழுத்து 1 ஆக்கும், கீழ இருக்கறது ஆன் ஆனா 0 ஆக்கும்.

புதுசா படிக்கறவங்க எல்லாரும் கேட்கற ஒரு கேள்வி இருக்கு, "ஏன் என்மாஸை மேல வைக்கக் கூடாது, அப்படி வச்சா கேட் கால்ல 1 வந்தா Y-யும் 1 ஆகுமே, பார் இல்லாத ஆண்ட் கேட் நேரடியா கிடைச்சுடுமே"ன்னு. நல்ல கேள்வி, நானும் ஒரு தடவ அப்படி வரைஞ்சு பெரிய கண்டுபிடிப்புன்னு நினைச்சிருக்கேன். பிரச்சினை என்னன்னா, என்மாஸ் ஆன்ல இருக்கணும்னா அதோட கேட் கால் வோல்டேஜ் சோர்ஸை விட ஒரு த்ரெஷோல்ட் அளவாவது அதிகமா இருக்கணும். என்மாஸை மேல வச்சா அதோட சோர்ஸ் Y பக்கம் வந்துடும், Y ஏற ஏற சோர்ஸும் கூடவே ஏறும், கேட் கால் 5 வோல்ட்லயே நிக்கும். த்ரெஷோல்ட் 0.7-னு வச்சுக்கிட்டா Y 4.3 வந்ததும் டிரான்சிஸ்டர் தானா அணைஞ்சுடும், அதுக்கு மேல ஏறாது. பாடி எஃபெக்ட்டையும் சேர்த்தா இன்னும் கீழயே நின்னுடும். பிமாஸை கீழ வச்சா இதே கதை தலைகீழா நடக்கும், Y முழுசா 0-க்கு இறங்காம 0.7 பக்கத்துல தொங்கும். இந்த அரைகுறை 1-ஐயும் அரைகுறை 0-வையும் அடுத்த ஸ்டேஜுக்குக் குடுத்தா அங்க இருக்கற ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஆன்ல இருந்து சும்மா கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். அதனாலதான் பிமாஸ் மேல, என்மாஸ் கீழ. இதோட விளைவு ஒண்ணு உண்டு, ஒரே ஸ்டேஜ்ல நீங்க வரையற எந்த சிமாஸ் கேட்டும் இன்வெர்ட் பண்ணித்தான் குடுக்கும். இன்புட் ஏறினா அவுட்புட் ஒண்ணு இறங்கும், இல்ல அப்படியே நிக்கும், ஏறவே ஏறாது. நேண்ட், நார், ஏஓஐன்னு எல்லா பேர்லயும் ஒரு "இல்லை" ஒட்டிக்கிட்டு இருக்கறது இதனாலதான்.

மூணு இன்புட் நேண்ட், சீக்கிரமா

`Y = (A·B·C)'`. Y எப்ப 0 ஆகணும்? A, B, C மூணுமே 1 ஆனா மட்டும். மூணும் சேர்ந்துன்னா ஆண்ட், ஆண்ட்னா சீரிஸ், அதனால Y-ல இருந்து GND வரைக்கும் மூணு என்மாஸை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்குங்க. கீழ சீரிஸ்னா மேல பேரலல், அதனால மூணு பிமாஸ், மூணோட சோர்ஸும் VDD-ல, மூணோட டிரெயினும் Y-ல. மொத்தம் ஆறு டிரான்சிஸ்டர், படம் முடிஞ்சுது.

ஒரு தடவ வாய்விட்டு சரி பார்த்துக்கோங்க: ஏதாவது ஒரு இன்புட் 0 ஆனா கீழ இருக்கற சங்கிலி அறுந்துடுது, மேல அந்த இன்புட்டோட பிமாஸ் ஆன் ஆயிடுது, Y 1. மூணும் 1 ஆனா மேல எல்லாம் ஆஃப், கீழ முழுசா ஆன், Y 0. சரியா வருது. மூணு இன்புட் நார்னா இதையே தலைகீழா, கீழ மூணு பேரலல், மேல மூணு சீரிஸ்.

இப்ப ஏஓஐ

ஏஓஐன்னா ஆண்ட், ஆர், இன்வெர்ட். முதல்ல ஆண்ட், அதோட ரிசல்ட்டெல்லாம் ஆர், கடைசியா இன்வெர்ட். லைப்ரரில AOI21-ன்னு பார்த்திருப்பீங்க, அந்த 2-ங்கறது ரெண்டு இன்புட் இருக்கற ஒரு ஆண்ட் குரூப், 1-ங்கறது ஆண்ட் இல்லாம நேரா ஆருக்குப் போற ஒத்த இன்புட். AOI22-ன்னா ரெண்டு குரூப்பும் ரெண்டு ரெண்டு. நாம AOI21-ஐ எடுத்துக்கலாம், `Y = (A·B + C)'`. இதை தனித்தனி கேட்டா வரைஞ்சா ஒரு ஆண்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர், ஒரு நாருக்கு நாலு, மொத்தம் பத்து. ஒரே கேட்டா வரைஞ்சா ஆறுலயே முடிஞ்சுடும், இதுக்காகத்தான் இந்த மெனக்கெடல்.

முதல் படி, அதே கேள்வி. Y எப்ப 0? A-யும் B-யும் சேர்ந்து 1 ஆனா, இல்லைன்னா C 1 ஆனா. அதாவது பார் போட்டிருக்கறதுக்கு உள்ள என்ன இருக்கோ அதுதான் கீழ் பாதியோட கண்டிஷன், `A·B + C`. பாரை விரலால மறைச்சுட்டு உள்ள இருக்கறதை மட்டும் படிங்க.

ரெண்டாவது படி, அந்த எக்ஸ்பிரஷனை வெளியில இருந்து உள்ள படிச்சுக்கிட்டே வரைங்க. இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, கண்ணுக்கு முதல்ல படற A-ல ஆரம்பிச்சுடுவாங்க. கடைசியா நடக்கற ஆபரேஷன் எதுன்னு பாருங்க, இங்க அது ஆர். ஆர்னா பேரலல், அதனால Y-க்கும் GND-க்கும் நடுவுல ரெண்டு கிளை போடுங்க, உள்ள என்னன்னு இன்னும் யோசிக்கவே வேண்டாம், வெறும் ரெண்டு டப்பா. ஒரு டப்பா மேல "A·B", இன்னொண்ணு மேல "C"ன்னு எழுதிக்கோங்க. இப்ப முதல் டப்பாவைத் திறங்க, உள்ள ஆண்ட், அதனால A, B ரெண்டு என்மாஸ் சீரிஸ். ரெண்டாவது டப்பாவுக்குள்ள C மட்டும், ஒரு என்மாஸ். கீழ் பாதி முடிஞ்சுது.

மூணாவது படி, திருப்பறது. அதே டப்பாக்களை எடுத்துக்கோங்க, வெளிய பேரலலா இருந்தது இப்ப சீரிஸ். அதாவது VDD-க்கும் Y-க்கும் நடுவுல "A·B" டப்பாவும் "C" டப்பாவும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. அப்புறம் டப்பாவைத் திறந்தா உள்ள சீரிஸா இருந்தது இப்ப பேரலல், A-யோட பிமாஸும் B-யோட பிமாஸும் பக்கத்துல பக்கத்துல. C ஒத்தையாவே இருக்கும். ஒவ்வொரு மட்டத்துலயும் திருப்பணும், வெளி மட்டத்தை மட்டும் திருப்பிட்டு உள்ள அப்படியே விட்டா தப்பு.

படம் இப்படி வரும், `p`-ன்னு ஆரம்பிக்கறது பிமாஸ், `n`-ன்னு ஆரம்பிக்கறது என்மாஸ்:

```
            VDD
             |
           [pC]
             |
      +------+------+   <- x
      |             |
    [pA]          [pB]
      |             |
      +------+------+
             |
             +----------- Y
             |
      +------+------+
      |             |
    [nA]            |
      |  <- z     [nC]
    [nB]            |
      |             |
      +------+------+
             |
            GND
```

திருப்பறது சரியா வந்துச்சான்னு டி மார்கன் வச்சும் பார்த்துக்கலாம். `(A·B + C)'`-ஐ விரிச்சா `(A' + B')·C'`. பிமாஸ் 0-வுக்குத்தான் ஆன் ஆகும், அதனால `A'`-ங்கறது A குடுத்த ஒரு பிமாஸ், தனியா இன்வெர்ட்டர் எல்லாம் வேண்டாம். `A' + B'` பேரலல், அதோட `C'` சீரிஸ். மேல இருக்கற அதே படம்தான்.

C-யை VDD பக்கம் வைக்கணுமா, இல்ல Y பக்கம் வைக்கணுமான்னு கேட்டா லாஜிக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான், சீரிஸ்ல வரிசை மாறினா ஃபங்ஷன் மாறாது. வேகத்துல மட்டும் கொஞ்சம் வித்தியாசம் வரும். பொதுவா கடைசியா வந்து சேர்ற சிக்னலை Y-க்குப் பக்கத்துல இருக்கற டிரான்சிஸ்டருக்குக் குடுப்பாங்க, ஏன்னா மத்தது எல்லாம் முன்னாடியே ஆன் ஆகி நடு நோடை காலி பண்ணி வச்சிருக்கும், கடைசியா வர்றவருக்கு Y-யை மட்டும் இழுத்தா போதும்.

வரைஞ்சதை சோதிக்கற விதம்

இந்தப் படியை யாருமே பண்றதில்ல, ஆனா மார்க் போறது இங்கதான். எட்டு வரிசையையும் எழுதி ஒவ்வொண்ணுலயும் கீழ் பாதி ஆனா ஆஃபா, மேல் பாதி ஆனா ஆஃபான்னு தனித்தனியா பாருங்க, ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணை ஊகிக்கக் கூடாது.

```
A B C   கீழ     மேல     Y
0 0 0   ஆஃப்    ஆன்     1
0 0 1   ஆன்     ஆஃப்    0
0 1 0   ஆஃப்    ஆன்     1
0 1 1   ஆன்     ஆஃப்    0
1 0 0   ஆஃப்    ஆன்     1
1 0 1   ஆன்     ஆஃப்    0
1 1 0   ஆன்     ஆஃப்    0
1 1 1   ஆன்     ஆஃப்    0
```

ஒவ்வொரு வரிசையிலயும் ஒரு பக்கம் ஆன், ஒரு பக்கம் ஆஃப்னு இருக்கணும். ரெண்டும் ஆன்னா VDD-ல இருந்து GND-க்கு நேரா ஷார்ட். ரெண்டும் ஆஃப்னா Y அந்தரத்துல தொங்குது, அதுக்கு எந்த மதிப்பும் கிடையாது. Y நெடுவரிசையை மட்டும் ட்ரூத் டேபிளோட ஒப்பிட்டுட்டு விட்டுட்டா இந்த ரெண்டும் கண்ணுல படாது.

உதாரணத்துக்கு ரொம்ப சகஜமான தப்பைப் பார்க்கலாம். மேல் பாதியைத் திருப்பாம கீழ இருக்கற அதே வடிவத்தை அப்படியே பிமாஸ்ல வரைஞ்சுட்டோம்னு வச்சுக்கோங்க, pA-வும் pB-யும் சீரிஸ், pC அதுக்கு பேரலல். பார்க்க அழகா மேலயும் கீழயும் கண்ணாடி மாதிரி இருக்கும், அதுதான் ஏமாத்தும். இப்ப மேல் பாதியோட கண்டிஷன் `A'·B' + C'` ஆயிடுச்சு. `1 1 0` போட்டுப் பாருங்க, கீழ A-யும் B-யும் ஆன், மேல C 0-வா இருக்கறதால pC-யும் ஆன், ஷார்ட். `0 0 1` போட்டுப் பாருங்க, கீழ C ஆன், மேல pA, pB ரெண்டும் ஆன், மறுபடி ஷார்ட். மீதி ஆறு வரிசையும் ஒழுங்கா வேலை செய்யும்! எட்டுல ஆறு சரியா வர்றதால சிமுலேட்டர்ல ரெண்டு மூணு இன்புட் மட்டும் குடுத்துப் பார்த்துட்டு "ஓகே"ன்னு மூடி வச்சவங்க நிறைய. அந்த ரெண்டு வரிசையில மட்டும் Y 0-வும் இல்லாம 5-ம் இல்லாம நடுவுல ஒரு வோல்டேஜ்ல நிக்கும், சப்ளை கரண்ட் திடீர்னு ஏறும். நடு வோல்டேஜ் தெரிஞ்சாலே ரெண்டு பக்கமும் சண்டை போடுதுன்னு முதல்ல சந்தேகப்படுங்க.

இன்னொரு தப்பு, டாட் போடற இடம். nC-யோட கீழ் காலை GND-ல சேர்க்காம கை தவறி z-ல சேர்த்துட்டா படத்துல வித்தியாசம் ஒரு கோடுதான், ஆனா கீழ் பாதி இப்ப `(A + C)·B` ஆயிடும். மேல் பாதி பழையபடியே இருந்தா `0 0 1`-லயும் `1 0 1`-லயும் ரெண்டு பக்கமும் ஆஃப், Y தொங்கும். இது ஷார்ட்டை விட மோசம், ஏன்னு கடைசியில சொல்றேன்.

குடுத்த எக்ஸ்பிரஷன் வேற மாதிரி இருந்தா

கேள்வியில எப்பவும் மேல பெரிய பார் போட்டு அழகா குடுக்க மாட்டாங்க. மூணு வகை வரும்.

பாரே இல்லாம `Y = A·B + C`-ன்னு குடுத்தா, நேரா வரைய முடியாது, ஒரே ஸ்டேஜ் இன்வெர்ட்தான் பண்ணும்னு பார்த்தோமே. `(A·B + C)'`-ஐ வரைஞ்சுட்டு பின்னாடி ஒரு இன்வெர்ட்டர் போடுங்க, மொத்தம் எட்டு டிரான்சிஸ்டர்.

ஒவ்வொரு இன்புட் மேலயும் தனித்தனியா பார் போட்டு `Y = A' + B'·C'`-ன்னு குடுத்தா பயந்து மூணு இன்வெர்ட்டர் போட்டுடாதீங்க. அதே கேள்விதான், Y எப்ப 0? முழுசுக்கும் காம்ப்ளிமென்ட் எடுத்தா `Y' = A·(B + C)`. எல்லாமே பார் இல்லாம வந்துடுச்சு. கீழ, A-யோட சீரிஸ்ல B, C பேரலல். மேல, A-க்கு பேரலலா B, C சீரிஸ். ஆறே டிரான்சிஸ்டர், இன்வெர்ட்டர் எதுவும் கிடையாது. இதுக்குப் பேர் ஓஏஐ, ஆர் முதல்ல, ஆண்ட் அப்புறம். கேள்வி போடறவங்களுக்கு இது ரொம்பப் பிடிச்ச வகை, ஏன்னா இன்வெர்ட்டர் போட்டவங்க யாரு, யோசிச்சவங்க யாருன்னு உடனே தெரிஞ்சுடும்.

மூணாவது கலப்படம், `Y = (A·B' + C)'`. காம்ப்ளிமென்ட் எடுத்தும் `B'` போகல, இங்க B-க்கு ஒரு இன்வெர்ட்டர் போட்டே ஆகணும், கூட ரெண்டு டிரான்சிஸ்டர். இன்வெர்ட்டரோட அவுட்புட்டை nB-க்கும் pB-க்கும் ரெண்டுக்குமே குடுக்கணும். ஒண்ணுக்கு B-யும் இன்னொண்ணுக்கு `B'`-ம் குடுத்துட்டா மேல சொன்ன ஒரு பக்கம் ஆன் ஒரு பக்கம் ஆஃப் கணக்கே போயிடும்.

எந்த வகையா இருந்தாலும் வரையறதுக்கு முன்னாடி எக்ஸ்பிரஷனை சுருக்கிடுங்க. `A·B + A·C`-ஐ அப்படியே வரைஞ்சா கீழ நாலு மேல நாலு, `A·(B + C)` ஆக்கிட்டா மூணும் மூணும். எக்ஸ்பிரஷன்ல எத்தனை தடவ எழுத்து வருதோ அதைப் போல ரெண்டு மடங்கு டிரான்சிஸ்டர், எண்ணிப் பார்த்து ஒண்ணு குறைஞ்சாலும் எதையோ விட்டிருக்கீங்க.

சைஸ் போடச் சொன்னா

இதைச் சுருக்கமா சொல்லிடறேன். பாடத்துல பிமாஸ் அதே அகல என்மாஸை விட பாதி பலம்னு எடுத்துக்குவாங்க, அதனால இன்வெர்ட்டர்ல என்மாஸ் அகலம் 1-னா பிமாஸ் 2. நம்ம கேட்டும் அந்த இன்வெர்ட்டர் மாதிரியே இழுக்கணும்னா, சீரிஸ்ல எத்தனை இருக்கோ அவ்வளவு மடங்கு அகலமாக்கணும். நேண்ட்ல என்மாஸ் மூணும் 3, பிமாஸ் மூணும் 2. ஏஓஐல nA, nB 2, nC தனி ஆள், அதனால 1. மேல எந்தப் பாதையில போனாலும் pC-யும் அதோட pA இல்லைன்னா pB-யும்னு ரெண்டு சீரிஸ், அதனால மூணுமே 4. பேரலல்ல இருக்கறது ரெண்டும் சேர்ந்து ஆன் ஆகும்னு நம்பி அகலத்தைக் குறைக்காதீங்க, ஒண்ணு மட்டும் ஆன் ஆகற மோசமான நேரத்துக்குத்தான் கணக்கு. மூணு இன்புட் நாருக்கு இதே கணக்கு போட்டா பிமாஸ் ஒவ்வொண்ணும் 6 வரும், டிசைன் பண்றவங்க நாரை விட நேண்டை விரும்பறதுக்குக் காரணம் அதுலயே தெரியுது.

பாடி காலையும் வரையச் சொன்னா, பிமாஸ் எல்லாத்தோட பாடியும் VDD-க்கு, என்மாஸ் எல்லாத்தோட பாடியும் GND-க்கு. pA-வோட சோர்ஸ் x-ல இருக்குங்கறதுக்காக பாடியையும் x-ல சேர்த்துடாதீங்க.

பிரெட்போர்டுல செஞ்சு பார்க்கணும்னா

CD4007-ன்னு ஒரு சிப் இருக்கு, உள்ள மூணு என்மாஸ், மூணு பிமாஸ், கிட்டத்தட்ட எல்லா காலும் வெளிய இருக்கும். AOI21-க்கும் சரியா மூணும் மூணும்தான் வேணும், இதுக்குன்னே செஞ்ச மாதிரி பொருந்தும். பின் 14-க்கு 5 வோல்ட், பின் 7-க்கு GND. A-யை பின் 10-க்கும், B-யை பின் 3-க்கும், C-யை பின் 6-க்கும் குடுங்க. வயர் இவ்வளவுதான்:

```
13 - 2 - 11    (x)
1 - 12 - 8     (Y)
9 - 5          (z)
4 - 7          (GND)
```

படத்தோட ஒத்துப் பாருங்க. பின் 6-ல இருக்கற ஜோடியோட பிமாஸ் சோர்ஸ் சிப்புக்குள்ளயே 14-ல சேர்ந்திருக்கு, என்மாஸ் சோர்ஸ் 7-ல சேர்ந்திருக்கு, அதனாலதான் C-யை அங்க குடுத்தோம், pC VDD பக்கம் வந்ததும் அதனாலதான். பின் 10 ஜோடியோட ரெண்டு டிரெயினும் உள்ளயே 12-ல சேர்ந்திருக்கு, அதனால nA மேல வந்துச்சு. மூணு இன்புட்டையும் 5 வோல்ட்டுக்கோ GND-க்கோ கட்டாயம் கட்டிடுங்க, ஒண்ணைச் சும்மா விட்டாலும் கை பக்கத்துல போனாலே Y ஆடும்.

இப்ப முன்னாடி பாக்கி வச்ச விஷயம். நான் முதல் தடவ இதைக் கட்டினப்ப 4-ல இருந்து 7-க்குப் போற வயரை விட்டுட்டேன். nB-க்கு கீழ GND-யே இல்ல, `1 1 0` வரிசையில மட்டும் ரெண்டு பக்கமும் ஆஃப், மீதி ஏழு வரிசைக்கும் ஒண்ணும் ஆகாது. மல்டிமீட்டரை Y-ல வச்சு எட்டு வரிசையும் பார்த்தேன், எட்டும் சரி! `1 1 0`-லயும் அழகா 0 காட்டுச்சு. அதை நம்பி அடுத்த கேட்டுக்குக் குடுத்தா அது சில நேரம் சரி, சில நேரம் தப்பு, அரை நாள் அடுத்த கேட்டைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். நடந்தது என்னன்னா, டிஜிட்டல் மீட்டருக்குள்ள சாதாரணமா 10 மெகா ஓம் இருக்கும், தொங்கிக்கிட்டு இருக்கற Y-ல இருக்கற துளியூண்டு சார்ஜை அந்த மீட்டரே GND-க்கு வடிச்சுடுது, அதனால நாம எதிர்பார்த்த 0-வையே காட்டுது. மீட்டரை எடுத்துட்டா Y கொஞ்ச நேரம் பழைய மதிப்பையே பிடிச்சு வச்சிருக்கும், `0 1 0`-ல இருந்து வந்தா 1, `1 1 1`-ல இருந்து வந்தா 0. z-ல தப்பா டாட் வச்ச படத்தைக் கட்டினாலும் இதே மாதிரிதான் ஏமாத்தும், அங்கயும் தொங்கற ரெண்டு வரிசையிலயும் எதிர்பார்க்கறது 0.

இதைப் பிடிக்க ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும். மீட்டர் Y-லயே இருக்கட்டும், ஒவ்வொரு வரிசையிலயும் ரெசிஸ்டரோட ஒரு முனையை Y-ல வச்சு இன்னொரு முனையை முதல்ல 5 வோல்ட்ல தொடுங்க, அப்புறம் GND-ல தொடுங்க. சர்க்யூட் சரியா இருந்தா Y அசையாது, அசைஞ்சாலும் 0.1 வோல்ட்டுக்குள்ளதான் இருக்கும், ஏன்னா ஆன்ல இருக்கற டிரான்சிஸ்டர் அந்த ரெசிஸ்டரை விட ரொம்ப பலசாலி. ரெசிஸ்டர் தொடற பக்கமெல்லாம் Y-யும் கூடவே போச்சுன்னா அந்த வரிசையில அதைப் பிடிக்க ஆளே இல்லைன்னு அர்த்தம், எந்த வரிசைன்னு பார்த்து, அதுல ஆன் ஆகியிருக்க வேண்டிய பாதையை மட்டும் வயர் வயரா தொட்டுப் பாருங்க.